செவலையின் காது மடலில் ரத்தக்கட்டு: ஊசியால் குத்தக் கூடாது என்பது ஏன்?

எங்கள் ஊர் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், வடகடல் பக்கம். செவலை எங்கள் வீட்டு நாய். தாய் வழியில் லாப்ரடார் கலப்பு. அதனால் நாட்டு நாய் உடம்பும் தொங்கு காதும் சேர்ந்தே வாய்த்திருக்கின்றன. அப்பா வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது அதுவும் தண்ணீருக்குள் பாய்ந்து, கழுத்தளவு ஆழம் வரை நீந்தித் திரும்பும். கரையேறியதும் உடம்பை ஒரு உதறு உதறும். அது எல்லா நாயும் செய்வதுதான். ஆனால் உடம்பு காய்ந்த பிறகும், தூங்கி எழுந்ததும், சாப்பிடும்போது நடுவில் நிறுத்தியும், காதுகள் பட் பட் என்று கன்னத்தில் அடிக்கும்படி தலையை மட்டும் உதறத் தொடங்கினால் காதுக்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

செவலை அப்படித்தான் உதறிக்கொண்டிருந்தது. பின்னங்காலால் இடது காதைச் சொறிவதும், சொறிந்த காலை முகர்ந்து நக்குவதுமாக இருந்தது. காதுக்குள் கடல் தண்ணீர் போயிருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்றார்கள் பக்கத்து வீட்டில். அப்புறம் ஒரு காலையில் பார்த்தால் இடது காது மடல் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. மடலின் வெளிப்பக்கம், முடி இருக்கும் பக்கம், பெரிய மாற்றம் இல்லை. மடலைத் திருப்பி உட்பக்கத்தைப் பார்த்தால் அங்கேதான் வீக்கம். தோல் இழுபட்டு மினுமினுப்பாக, கொஞ்சம் ஊதா கலந்த சிவப்பில் இருந்தது. விரலால் மெல்ல அழுத்தினால் உள்ளே நீர் அசைவது தெரிந்தது. இளஞ்சூடாகவும் இருந்தது. காது கனத்ததால் செவலை தலையை இடப்பக்கம் சாய்த்தே நடந்தது.

இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ஆரல் ஹீமடோமா. காது மடலுக்குள் ரத்தம் தேங்கிக் கட்டிக்கொள்வது. நாய்களில் அடிக்கடி வரும், பூனைக்கும் வரும், காது தொங்கும் ஆட்டுக்கும் வரும். எங்கள் பகுதியில் இதைக் கட்டி என்றோ, காதில் நீர் கோத்துக்கொண்டது என்றோ சொல்வார்கள். கட்டி என்று நினைத்தவுடன் கை தானாக ஊசியைத் தேடுகிறது. அன்றைக்கு அப்பாவும் அதைத்தான் சொன்னார்.

“சாக்கு தைக்கிற ஊசிய நெருப்புல காட்டி ஒரு குத்து குத்துனா வடிஞ்சிரும். ஆஸ்பத்திரிக்கு எதுக்கு?”

பக்கத்து வீட்டுப் பெண், “மதினி, மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சுத் தடவுங்க, அமுங்கிரும்” என்றாள். இருவருமே செவலை மேல் இருந்த பாசத்தில்தான் சொன்னார்கள். நான் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. காரணம் விளங்க வேண்டுமானால் மடலுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

காது மடல் மூன்று அடுக்கு. நடுவில் வளையக்கூடிய குருத்தெலும்பு, அதன் இரு பக்கமும் தோல். ரத்தக்குழாய்கள் பெரும்பாலும் மடலின் வெளிப்பக்கமாக ஓடி, குருத்தெலும்பில் இருக்கும் சின்னச் சின்னத் துளைகள் வழியாக உட்பக்கத்துக்கு வருகின்றன. நாய் தலையை வேகமாக உதறும்போது தொங்கும் மடல் சாட்டை மாதிரி வீசப்பட்டு மண்டையில் அறைகிறது. ஓயாமல் அறை வாங்கினாலோ, நகத்தால் பலமாகச் சொறியப்பட்டாலோ, உள்ளே ஒரு நுண்குழாய் அறுந்துபோகிறது. வெளியில் ஒரு கீறல் கூட இருக்காது. கசியும் ரத்தம் வெளியேற வழியில்லாமல் தோலையும் குருத்தெலும்பையும் பிரித்துக்கொண்டு நடுவில் ஒரு பை உண்டாக்கிக்கொள்கிறது. சில நேரம் குருத்தெலும்பே பிளந்து அதற்குள்ளும் ரத்தம் நிற்கும். பை நிறைந்து உள் அழுத்தம் கூடிய பிறகுதான் கசிவு நிற்கிறது. அதற்குள் நாய் இன்னும் நாலு தடவை உதறிவிட்டால் பை இன்னும் பெரிதாகிறது. காலையில் சுண்டைக்காய் அளவில் இருந்தது சாயங்காலம் மடல் முழுவதும் பரவிவிடுவது இதனால்தான்.

இப்போது ஊசியால் குத்தினால் என்ன ஆகும்? ரத்தம் வரும், மடல் தட்டையாகும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் தோல் குருத்தெலும்போடு மறுபடி ஒட்டவில்லை. காலிப் பை அப்படியே இருக்கிறது. அழுத்திப் பிடித்திருந்த ரத்தமும் போனதால் அறுந்த குழாய் மறுபடி கசிகிறது. காதுக்குள் இருக்கும் அரிப்பும் அப்படியே இருப்பதால் உதறல் நிற்கவில்லை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ மடல் பழையபடி நிரம்பிவிடும். இந்தத் தடவை ஊசி போன வழியில் கிருமியும் உள்ளே போயிருக்கும். தேங்கிய ரத்தம் கிருமி வளர நல்ல இடம். சீழ் பிடித்துவிட்டால் வேலை இரட்டிப்பு.

எங்கள் கடற்கரையில் இன்னொன்றும் உண்டு. கருவாடு காயும் இடத்தில் ஈக்குக் குறைவே இல்லை. நாயின் காதில் ரத்த வாடையோடு ஒரு சின்ன ஓட்டை இருந்தால் ஈ முட்டை வைக்கும், சீக்கிரமே புழு வைத்துவிடும். காதில் புழு வைத்து, அது உள்ளே குடைந்துகொண்டே போன தெரு நாய்களை இந்தப் பக்கம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குத்தாமல் விட்ட ரத்தக்கட்டுக்கு மேலே தோல் மூடியாவது இருக்கிறது.

சுண்ணாம்பு விஷயம் சுருக்கம். ஏற்கெனவே இழுபட்டு மெலிந்து நிற்கும் தோலை அது பொத்துவிடும். வீக்கம் தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே எதைத் தடவினாலும் அங்கே போய்ச் சேராது. சூடு ஒத்தடமும் வேண்டாம். புதிய ரத்தக்கட்டில் சூடு கசிவைத்தான் கூட்டும்.

சரி, எதுவும் செய்யாமல் அப்படியே விட்டால் வற்றாதா? வற்றும். ஆனால் வற்றுகிற விதம்தான் சிக்கல். முதலில் ரத்தம் உறைந்து, நீர் தனியாகவும் கட்டி தனியாகவும் பிரிகிறது. அப்புறம் வாரக்கணக்கில் உடம்பு அதை உறிஞ்சிக்கொண்டு, அந்த இடத்தில் தழும்புச் சதையை வளர்க்கிறது. தழும்பு இறுகும்போது குருத்தெலும்பையும் சேர்த்து இழுக்கிறது. மடல் சுருங்கி, தடித்து, முறுக்கிக்கொள்ளும். அழகு போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தத் தடிப்பு காதுக் குழாயின் வாயை நெருக்கினால் காற்று போகாது, மருந்து போகாது, சுத்தம் செய்ய முடியாது. காதுப்புண் ஆயுளுக்கும் வந்து வந்து போகும். போதாததற்கு, இறுகி முடிகிற அத்தனை வாரமும் நாய்க்கு வலி.

இது நடு ராத்திரியில் ஓட வேண்டிய உயிர் ஆபத்து இல்லை. அதே நேரம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடுவதும் சரியில்லை. ஓரிரு நாளுக்குள் மருத்துவர் கையில் இருக்க வேண்டும். ரத்தம் உறைந்து கெட்டியாவதற்கு முன் போனால் வேலை எளிது.

மருத்துவரிடம் போகும்வரை செய்யக்கூடியது ஒன்றுதான்: உதறலையும் சொறிதலையும் நிறுத்துவது. பழைய பனியனை எடுத்து அகலமான வளையமாக வெட்டினோம். வீங்கிய மடலை மேலே மடக்கித் தலையோடு ஒட்டிவைத்து, வளையத்தைத் தலை வழியாக மாட்டினோம். மூக்கும் கண்ணும் வெளியே, மற்றக் காதும் வெளியே. தொண்டைக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். இதில் அலட்சியம் கூடாது. இறுக்கிக் கட்டினால் மூச்சு திணறும், வீக்கம் கூடும்போது துணியும் கூடவே இறுகும். எங்கள் வெக்கையில் துணி சீக்கிரமே ஈரமாகிவிடுகிறது. நனைந்தால் மாற்ற வேண்டும். நாய் மூச்சிரைத்தாலோ துணியோடு மல்லுக்கட்டினாலோ கழற்றிவிட வேண்டும்.

காதுக்குள் எதையும் ஊற்றவில்லை. தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், வீட்டில் மிச்சம் கிடந்த பழைய காது மருந்து, எதுவுமே. செவிப்பறை கிழிந்திருந்தால் ஊற்றியது நடுக்காதுக்குப் போய்விடும். சில மருந்துகள் அங்கே போனால் காது கேட்காமலே ஆகிவிடும். எண்ணெய் ஊற்றிக் கொண்டுபோனால் மருத்துவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. வலி மாத்திரையும் கொடுக்கவில்லை. மனிதர்கள் போடும் பாராசிட்டமால், இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாய்க்கு ஈரலையும் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை. ஆஸ்பிரின் அதோடு ரத்தம் உறைவதையும் தடுக்கும். ரத்தம் கசிந்து வீங்கிய காதுக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

லோடு ஆட்டோவில் சாக்கு விரித்து, செவலையை ராமநாதபுரம் கூட்டிக்கொண்டு போனோம். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும் என்று அப்பா வழியெல்லாம் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்தபடியே வந்தார்.

மருத்துவர் வீக்கத்தைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் காதுக்குள்ளேயே செலவழித்தார். “மடல் வீங்குனது கடைசியில நடந்தது. இது ஏன் தலைய உதறுச்சுன்னு முதல்ல பார்க்கணும்” என்றார். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கே காரணம் அந்த வாக்கியம்தான். மடலை மட்டும் சரிசெய்து அனுப்பினால் நாய் வீட்டுக்குப் போய் மறுபடி உதறும், மறுபடி வீங்கும். இந்தக் காது தப்பினால் அந்தக் காது.

உதறலுக்குக் காரணங்கள் பல. காதுக்குள் உண்ணி ஏறியிருக்கலாம். கண்ணுக்கு எளிதில் தெரியாத காதுப் பேன் இருக்கலாம். குட்டிகளிலும் பூனைகளிலும் இதுதான் அதிகம், காதுக்குள் காய்ந்த கரும்பழுப்பு அழுக்கு நிறைய இருக்கும். புல்விதை உள்ளே போய்ச் சிக்கியிருக்கலாம். கிருமியோ பூஞ்சையோ பெருகியிருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒவ்வாமை இருக்கலாம். எந்தக் காரணம் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, ஏனென்றால் நாயின் காதுக் குழாய் நமக்கு இருப்பது போல நேராகப் போகாது. மேலிருந்து கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கமாகத் திரும்புகிறது. நாம் பார்ப்பது இறங்கும் வழியின் வாயை மட்டும். பஞ்சுக்குச்சி விட்டுக் குடைந்தால் அழுக்கு அந்தத் திருப்பத்தில் போய் அடைத்துக்கொள்கிறது.

விளக்கு பொருத்திய ஓட்டோஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்த்தார். செவலையின் இடது காதுக் குழாய் வீங்கி நெருங்கிப்போயிருந்ததால் செவிப்பறை தெரியவில்லை. பஞ்சில் அழுக்கை ஒற்றி எடுத்தார். பழுப்பு நிறம், மெழுகு மாதிரி பிசுபிசுப்பு, புளித்துப்போன வாடை. அதைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து எங்களையும் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்த ஊதா நிறப் புள்ளிகள் திட்டுத் திட்டாகக் கிடந்தன. மலசீசியா என்னும் ஈஸ்ட் பூஞ்சையாம். எல்லா நாயின் காதிலும் கொஞ்சம் இருக்கும். ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் பெருகிவிடும். கடலில் குளித்து, தொங்கு காது மூடியே இருந்து, உள்ளே காற்றுப் படாமல் கிடந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்?

வலது காதையும் பார்த்தார். அது வீங்கவில்லை, செவலை அதைச் சொறியவும் இல்லை. ஆனால் அதிலும் அதே பூஞ்சை.

அடுத்து அவர் செய்தது நான் எதிர்பாராதது. செவலையின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், வயிற்றுத் தோலைப் பார்த்தார், சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று. பின்பு ரத்தம் எடுத்தார். உண்ணி கடித்து வரும் எர்லிக்கியா என்னும் காய்ச்சலில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துவிடும். நம் ஊர் நாய்களில் அது சர்வ சாதாரணம். தட்டணு குறைந்த நாய்க்குச் சின்ன அடியிலேயே ரத்தம் கட்டிக்கொள்ளும், அதைத் தெரியாமல் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. நாய்க்குத் தட்டணு சுமாராக 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். செவலைக்கு இருந்தது. காது வீங்கிய நாய்க்கு மூக்கில் ரத்தம் வந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ, சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலோ, அதை மருத்துவர் கேட்பதற்கு முன்பே நாம் சொல்லிவிட வேண்டும்.

வீக்கம் புதிது என்பதால் அன்றைக்கு அறுவை செய்யவில்லை. மடலின் முடியை மழித்து, மருந்தால் துடைத்து, சுத்தமான ஊசி வழியாகத் தேங்கியதை உறிஞ்சி எடுத்தார். சிரிஞ்சில் கருஞ்சிவப்பாக வந்தது. காலியான பைக்குள் கொஞ்சம் ஸ்டீராய்டு மருந்து செலுத்தினார். அப்பா உடனே கேட்டார், “இதையேதான டாக்டர் நானும் சொன்னேன்?” மருத்துவர் கோபப்படவில்லை. “நீங்க குத்துனா வெறும் ஓட்டை. நான் கிருமி போகாம எடுத்து, உள்ள மருந்து வச்சு, காதுக்குள்ள இருக்குற அரிப்புக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்குறேன். அப்படியிருந்தும் இது திரும்ப நிரம்பலாம். நிரம்புனா ஆபரேஷன்தான்” என்று சொல்லியே அனுப்பினார். சீழாக இருந்திருந்தால் வைத்தியமே வேறு என்றும் சொன்னார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், ஊசியில் வருவதைப் பார்த்தால்தான் உறுதியாகும்.

கழுத்துக்குப் பிளாஸ்டிக் கூம்பு மாட்டினார். சாப்பிட மாத்திரையாக ஸ்டீராய்டு, நாளாக நாளாக அளவைக் குறைத்துக்கொண்டே போகும்படி. அதை நினைத்த நேரத்தில் நிறுத்தக் கூடாது. மாத்திரை போடும் நாட்களில் நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி மூத்திரம் போகும், பசி பசி என்று அலையும். பயப்பட வேண்டியதில்லை. அந்த மாத்திரை காதுக் குழாயின் வீக்கத்தையும் வற்றவைக்கும், அடுத்த முறை செவிப்பறை தெரியும், அதன் பிறகே எந்தச் சொட்டு மருந்து என்று முடிவு செய்வேன் என்றார்.

அவர் சொன்னது போலவே மடல் மறுபடி நிரம்பியது. முதல் தடவை அளவுக்கு இல்லாவிட்டாலும் பாதிக்கு மேல் உப்பிவிட்டது. உறிஞ்சி எடுப்பதில் இது வழக்கம்தான். சில நாய்களுக்கு ஒரே முறையில் அமுங்கிவிடும். சிலவற்றுக்குப் பல முறை எடுக்க வேண்டியிருக்கும். மருத்துவர் கைராசி இல்லாதவர் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. நாங்கள் ஆபரேஷனுக்குச் சம்மதித்தோம். மயக்கம் கொடுக்க வேண்டும் என்பதால் முந்தின ராத்திரியிலிருந்து சாப்பாடு இல்லை. தண்ணீர் எப்போது நிறுத்துவது என்று அவர் தனியாகச் சொன்னார்.

என்ன செய்தார் என்பதைத் தையலோடு திரும்பி வந்த காதைக் காட்டி விளக்கினார். மடலின் உட்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, உறைந்த கட்டியையும் நார் நாராகப் படிந்திருந்ததையும் எடுத்து, உப்புநீரால் அலசியிருக்கிறார். அப்புறம் தோலையும் குருத்தெலும்பையும் சேர்த்து, மடல் முழுவதும் இடைவெளி விட்டுச் சின்னச் சின்னத் தையல்கள். மறுபடி ரத்தம் தேங்கப் பை இல்லாமல் செய்வதுதான் அந்தத் தையல்களின் வேலை. எல்லாத் தையலும் மடலின் நீளவாக்கிலேயே இருந்தன. ரத்தக்குழாய்கள் அந்தத் திசையில் ஓடுவதால் குறுக்கே தைத்தால் குழாய் நெரிபட்டு மடல் செத்துப்போகும். கீறலை மட்டும் முழுக்க மூடவில்லை. சில மில்லிமீட்டர் வாய் திறந்தபடி விட்டிருந்தார். அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் தையல் விட்டுப்போச்சு என்று பதைபதைப்பு. கசிவு வெளியேறத்தான் அந்த வாய். ஆரம்ப நாட்களில் அதன் வழியாக ரத்தம் கலந்த நீர் சொட்டிக்கொண்டிருக்கும், பின்பு தானாக மூடிக்கொள்ளும்.

தையல் இரண்டு மூன்று வாரம் இருக்க வேண்டும். வெளித்தோல் பத்து நாளில் ஆறினது போலத் தெரியும். அடியில் தோலும் குருத்தெலும்பும் பிடித்துக்கொள்ள அதைவிட நாளாகும். அதுவரை கூம்பைக் கழற்றவே கூடாது. பாவமாக இருக்கிறது என்று சாப்பாட்டு நேரத்தில் கழற்றிவிட்டு, அந்த இடைவெளியில் நாய் ஒரே சொறியில் தையலைப் பிய்த்துக்கொள்வது அடிக்கடி நடப்பதாம். செவலைக்குச் சட்டியைச் செங்கல் மேல் தூக்கிவைத்தோம், கூம்போடேயே சாப்பிடப் பழகிவிட்டது. கடல் பக்கம் போகவிடாமல் முற்றத்தில் கட்டிவைத்தோம். ஈ மொய்க்காமலிருக்கப் பகலில் வீட்டுக்குள், மின்விசிறிக்கு அடியில். கசிந்து காய்ந்ததை மருத்துவர் கொடுத்த மருந்து நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்தோம். பிய்த்து எடுக்கக் கூடாது.

அந்த வாரங்களில் தினமும் காலையில் மடலைத் தொட்டுப் பார்ப்பேன். நுனி சில்லென்று ஆகிக் கறுக்கத் தொடங்கினால் ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள். தையல்களுக்கு நடுவில் மறுபடி உப்பினாலும், மஞ்சளாகக் கெட்ட வாடையோடு வடிந்தாலும், நாய் தலையை ஒரு பக்கமே சாய்த்துக்கொண்டு தள்ளாடினாலும், உடனே போன் செய்யச் சொல்லியிருந்தார். தள்ளாட்டம் வந்தால் தொந்தரவு நடுக்காதையோ உள்காதையோ எட்டியிருக்கலாம்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது காதுக்குச் சொட்டு மருந்து விடுவதுதான். செவிப்பறை முழுதாக இருப்பதை மறு பரிசோதனையில் பார்த்த பிறகே அதை எழுதிக் கொடுத்தார். முதலில் சுத்தம் செய்யும் திரவத்தைக் குழாய் நிறைய விட வேண்டும். காதின் அடியில், தாடை தொடங்கும் இடத்தில், விரலால் பிசைய வேண்டும். உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்கும். பிசைந்து முடித்துக் கையை எடுத்ததும் நாய் தலையை உதறும். அந்த உதறல்தான் அழுக்கை வெளியே கொண்டுவருகிறது, ஆனால் தையல் போட்ட மடலுக்கு அதே உதறல் எதிரி. அதனால் உதறும் நேரம் மடலை உள்ளங்கையால் தலையோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொள்ளும்படி எனக்குச் செய்து காட்டினார். வெளியே வந்த அழுக்கைப் பஞ்சால் துடைத்து, விரல் போகும் ஆழம் மட்டும், கொஞ்ச நேரம் காயவிட்டு, அதன் பிறகு மருந்து. இரண்டு காதுக்கும்.

சொறிவது நின்றவுடன் மருந்தை நிறுத்திவிடத் தோன்றும். அரிப்பு அடங்குவது முதலிலும் பூஞ்சை ஒழிவது பிறகும் நடக்கிறது. மறுபடி பஞ்சில் ஒற்றி நுண்ணோக்கியில் பார்த்து, இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் இடது காதுக்கு நிறுத்தினோம். வலது காதில் இன்னும் மிச்சம் இருந்ததால் அதற்குத் தொடர்ந்தோம்.

காதுப்புண் திரும்பத் திரும்ப வரும் நாய்க்கு அடியில் பெரும்பாலும் ஒவ்வாமை இருக்கும் என்பதால் வேறு கேள்விகளும் கேட்டார். பாதத்தை நக்குகிறதா, வாலடியைக் கடித்துக்கொள்கிறதா, தெள்ளுப்பூச்சி உண்டா, தினமும் என்ன சாப்பாடு என்று. செவலை பாதத்தை நக்கும். உண்ணிக்கும் தெள்ளுக்கும் மாதம் தவறாமல் மருந்து போட ஆரம்பித்திருக்கிறோம். அதிலும் அடங்காவிட்டால், இதுவரை சாப்பிடாத ஒரே வகைக் கறியும் ஒரே வகை மாவுச்சத்தும் மட்டும் கொடுத்து எட்டு வாரம் பார்க்க வேண்டும், வேறு ஒரு துண்டு கூட வாயில் படக் கூடாது என்றார். மீனிலேயே வளர்ந்த நாய், அதுவும் கரையில் தலையும் குடலும் சிதறிக் கிடக்கும் ஊரில் அது லேசான வேலை இல்லை. இப்போதைக்கு அந்தப் பரீட்சைக்குப் போகவில்லை.

கடலில் இறங்குவதைத் தடுக்கவும் சொல்லவில்லை. இறங்கினால் கரையேறியதும் நல்ல தண்ணீரில் உடம்பை அலசி, மடலைத் தூக்கி, உட்பக்கத்தைத் துணியால் ஒற்றி, சற்று நேரம் மடலைத் தலைமேல் மடக்கிப் பிடித்துக் காற்றுப் பட வைக்கச் சொன்னார். அப்பா வள்ளத்தில் ஒரு பழைய துண்டை இதற்கென்றே போட்டு வைத்திருக்கிறார். வாரத்துக்கு ஒரு முறை நான் இரண்டு காதையும் தூக்கி முகர்ந்து பார்க்கிறேன். நல்ல காதுக்கு வாடையே இருக்காது. புளித்த வாடை வந்தாலோ, உட்பக்கம் சிவந்திருந்தாலோ, தண்ணீரில் இறங்காத நாளிலும் தலையை உதறினாலோ, மடல் வீங்கும்வரை இருக்காமல் அந்த வாரமே காட்டிவிடுகிறோம். இடது மடலின் ஓரத்தில் ஒரு சின்ன மடிப்பு தங்கிவிட்டது. குழாயின் வாய் திறந்தே இருக்கிறது, மருந்து விட்டால் தடையில்லாமல் இறங்குகிறது.